‘திருப்தியாத்தானே இருக்கீங்க?’

இரவு டூட்டி முடித்து வெளியே வரும் நர்ஸின் கையில் ஒரு படிவத்தைக் கொடுக்கிறார்கள். முதல் கேள்வி இது: “நமது மருத்துவமனை ஒரு குடும்பம். இந்தக் குடும்பத்தில் ஒருவராக இருப்பதில் நீங்கள் பெருமைப்படுகிறீர்களா?” கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

அந்தப் பெண் எப்படி ‘இல்லை’யில் டிக் அடிப்பார்? வேலை கூடுதலாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தவர், குடும்பமே வேண்டாம் என்று சொன்னவராகிவிடுவார். எதற்கு வம்பு என்று ‘ஆம்’ போட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார். வருடாந்திரக் கூட்டத்தில் ‘ஏறக்குறைய எல்லோரும் பெருமைப்படுகிறார்கள்’ என்று ஒரு ஸ்லைடு ஓடும். அடுத்த மாதமே மூன்று பேர் பேப்பர் போடுவார்கள். சர்வேயில் எல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்று நிர்வாகம் குழம்பும்.

அந்த நர்ஸைப் பொய் சொன்னார் என்று குறை கூற முடியாது. கேள்வியிலேயே பதில் எழுதப்பட்டிருந்தது, அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். ஊழியர்களிடம் வேலையின் அளவைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் கேட்கிற படிவங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. நிர்வாகத்துக்குப் பிடிக்காத பதிலை டிக் அடிப்பதும் பிடித்த பதிலை டிக் அடிப்பதும் ஒரே அளவு சுலபமாக இருக்கிறதா? இருந்தால் அது நடுநிலையான கேள்வி.

ஒரே விஷயம், இரண்டு வினைச்சொல்

சொல்லை மாற்றினால் பதில் மாறும் என்பதற்கு எண்பது வருடத்துக்கும் மேற்பட்ட பழைய சான்று உண்டு. அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர் 1941இல் வெளியிட்ட சோதனை அது. ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சுகளை அரசு அனுமதிக்கலாமா என்று ஒரு பிரிவினரிடம் கேட்டார்கள். அதே போன்ற இன்னொரு பிரிவினரிடம், அத்தகைய பேச்சுகளை அரசு தடை செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். முதல் பிரிவில் 62 சதவீதம் பேர் ‘அனுமதிக்கக் கூடாது’ என்றார்கள். இரண்டாவது பிரிவில் ‘தடை செய்ய வேண்டும்’ என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றுதான். ஆனால் ‘தடை’ என்ற சொல்லில் ஒரு கடுமை இருக்கிறது, அதற்குத் தலையாட்டப் பலருக்கு மனம் வரவில்லை.

நம் பேச்சில் இந்தச் சாய்வு இன்னும் நைஸாக நடக்கும். ஒரு விகுதி போதும். “சிரமம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். “திருப்தியாத்தானே இருக்கீங்க?” என்றால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்துத் தமிழுக்கு மாறும்போது இந்த ‘தானே’யும் ‘இல்லையே’யும் உதிர்ந்துவிடும். ஆனால் கேட்பவரின் ஆசை வேறு உருவத்தில் உள்ளே நுழைந்துவிடும். “நிர்வாகம் எடுத்துவரும் பல்வேறு நலத்திட்டங்கள் குறித்து உங்கள் கருத்து என்ன?” என்பது அப்படிப்பட்ட கேள்வி. பல்வேறு திட்டங்கள் இருக்கின்றன, அவை நலத்திட்டங்கள்தான் என்று இரண்டு விஷயங்களைப் பதில் சொல்பவரை ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் அது கருத்தையே கேட்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். “அளவுக்கு மீறிய வேலைப்பளுவால் நீங்கள் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறீர்கள்?” என்று சங்கத்தின் சார்பில் ஒரு படிவம் வந்தால் அதுவும் கோணல்தான். பாதிப்பே இல்லாதவருக்கு அதில் இடமில்லை. பளு, சுமை என்று எழுதும்போதே எடை ஏறிவிடுகிறது. ‘வேலையின் அளவு’ என்று எழுதினால் அது கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். குறைகளை வரவழைக்கும் கேள்வி நேர்மையானது என்று சிலர் நினைக்கிறார்கள். நிர்வாகம் அந்த முடிவைப் பார்த்ததும் “கேள்வியே அப்படித்தானே” என்று தூக்கி ஓரமாகப் போட்டுவிடும். உண்மையிலேயே கஷ்டப்படுகிறவருக்குத்தான் அதில் நஷ்டம்.

64 நர்ஸ்கள், ஒரு படிவம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு படிவத்தை எடுத்துத் திருத்திப் பார்ப்பது நல்லது. ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்வோம். 64 நர்ஸ்கள் இருக்கிறார்கள். ஐந்து வார்டு, ஒரு ஐ.சி.யூ. காலை 8 முதல் 2 மணி, 2 முதல் இரவு 8, இரவு 8 முதல் மறுநாள் காலை 8 என்று மூன்று டூட்டி. வாரத்துக்கு ஒரு ஆஃப். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு இன்சார்ஜ் சிஸ்டர், எல்லோருக்கும் மேலே நர்சிங் சூப்பிரண்ட். மனிதவளப் பிரிவில் ஒருவர் மதியம் உட்கார்ந்து ஒரு வரைவு தயாரித்திருக்கிறார்.

அதில் இரண்டாவது கேள்வி: “உங்கள் பணிநேரமும் வேலைப்பளுவும் திருப்திகரமாக உள்ளனவா?” ஐ.சி.யூ.வில் இருப்பவருக்கு டூட்டி நேரம் வசதியாக இருக்கும், ஆனால் நோயாளிகள் அதிகம். ஜெனரல் வார்டில் இருப்பவருக்கு வேலை சமாளிக்கிற அளவுதான், ஆனால் தொடர்ந்து நைட் போடுகிறார்கள். இருவரும் ‘ஓரளவு’ என்று டிக் அடிப்பார்கள். இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் ஒரே டிக்கில் கலந்துவிட்டன. அந்த ‘ஓரளவை’ வைத்துக்கொண்டு நிர்வாகம் எதைச் சரிசெய்யும்? வாக்கியத்தில் ‘உம்’ இரண்டு முறை வந்தால் கேள்வியை இரண்டாக வெட்ட வேண்டும்.

வெட்டிய பிறகும் ‘திருப்திகரம்’ என்பது உதவாது. திருப்தி என்பது ஒருவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் டபுள் டூட்டி பார்த்தவருக்கு இங்கே எல்லாமே திருப்திதான். ஆகவே உணர்ச்சியைக் கேட்பதற்கு முன் நடந்ததைக் கேட்க வேண்டும். அதுவும் ‘பொதுவாக’ என்று கேட்காமல், நினைவில் இருக்கிற காலத்துக்குள் கேட்க வேண்டும். அப்படி மாற்றினால் கேள்வி இப்படி இருக்கும்:

“நீங்கள் கடைசியாகப் பார்த்த ஐந்து டூட்டிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை டூட்டிகளில், நேரம் முடிந்த பிறகும் அரை மணிக்கு மேல் இருக்க வேண்டி வந்தது?”

0, 1, 2, 3, 4, 5 என்று எண்கள். பொருந்துவதை வட்டமிடலாம். இதற்கு ஒரு துணைக்கேள்வி: “அந்த ஐந்தில் எத்தனை டூட்டிகளில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தது?” இதில் யாரையும் குறை சொல்லவில்லை, யாரையும் புகழவும் இல்லை. சாப்பிட்டதா இல்லையா என்பதை எண்ணிச் சொல்வதற்குத் தைரியம் தேவையில்லை. ஆனால் ஒரு வார்டின் பதில்கள் பெரும்பாலும் 0, 1 என்று வந்தால், வேலைப்பளு பற்றிப் பத்துக் கேள்வி கேட்டும் கிடைக்காதது அதில் கிடைத்துவிடும்.

அதன் பிறகு கருத்தைக் கேட்கலாம். “கடந்த நான்கு வாரங்களில் உங்களுக்கு இருந்த வேலையின் அளவு எப்படி இருந்தது?” மிகவும் குறைவு, கொஞ்சம் குறைவு, சரியான அளவு, கொஞ்சம் அதிகம், மிகவும் அதிகம். சரியான அளவு நடுவில் நிற்கிறது, இரு பக்கமும் இரண்டிரண்டு. வரைவில் இருந்த அளவுகோலோ மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, பரவாயில்லை, மோசம் என்று இருந்தது. ஐந்து படிகளில் மூன்று பாராட்டு. குறை சொல்ல விரும்புகிறவருக்குக் கடைசிப் படி ஒன்றுதான், அதுவும் ‘மோசம்’ என்ற கனமான சொல். நான்காவது படியை எதில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது. மதிப்பெண்ணைப் பார்த்து அப்பா ‘பரவாயில்லையே’ என்றால் அது பாராட்டு, சாம்பாரைப் பற்றி மாமியார் ‘பரவாயில்லை’ என்றால் அது வேறு. அளவுகோலில் அதற்கு இடம் தரக் கூடாது.

ஐந்து படி வைக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட். அவருடைய ஆய்வு 1932இல் வந்தது. ஒரு கூற்றைக் கொடுத்து, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரை கேட்பது அவர் வழி. அது உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் சுலபம். எந்தக் கூற்றை வைத்தாலும் அதே ஐந்து பெட்டி போதும். அதன் ஓட்டை என்னவென்றால், மேலிடத்திலிருந்து வரும் கூற்றுக்கு ஒத்துக்கொள்வது பலருக்குப் பழக்கம், மரியாதையும்கூட. “என் வார்டில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்” என்பதையும் “என் வார்டில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது” என்பதையும் தள்ளித் தள்ளி ஒரே படிவத்தில் போட்டுப் பாருங்கள். சிலர் இரண்டுக்கும் உடன்பட்டிருப்பார்கள். அவர்களைக் குழப்பவாதிகள் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்துச் சொல்வதைவிட உடன்படுவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். கூற்றை எடுத்துவிட்டு, ‘எத்தனை நாள்’, ‘எவ்வளவு’ என்று கேள்விக்கு ஏற்ற பதில்களையே வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

பெட்டிகளும் பேசும்

கூடுதல் நேரத்தை நிமிடக்கணக்கில் கேட்டுப் பெட்டி போடும் வரைவுகளைப் பார்க்கலாம்: 15 நிமிடத்துக்குள், 15 முதல் 30, 30 முதல் 45, 45 முதல் 60, ஒரு மணிக்கு மேல். பார்வைக்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டிகளே ஒரு செய்தி சொல்கின்றன. ஒரு மணிக்கு மேல் இருப்பவர் கடைசிப் பெட்டிக்காரர், அதாவது விசித்திரமானவர். நடுவில் இருப்பவர்தான் சராசரி ஆள் என்கின்றன.

இது ஊகம் அல்ல. ஜெர்மனியில் நார்பர்ட் ஷ்வார்ஸும் உடன் இருந்தவர்களும் 1985இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. தினமும் எவ்வளவு நேரம் டி.வி. பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பெட்டிகள் அரை மணி நேரத்தில் தொடங்கி, ‘இரண்டரை மணிக்கு மேல்’ என்பதோடு முடிந்தன. மற்றவர்களுக்கு ‘இரண்டரை மணி வரை’ என்பதே முதல் பெட்டி, அங்கிருந்து மேலே ஏறின. முதல் பிரிவில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். இரண்டாவது பிரிவில் 37.5 சதவீதம். பார்த்த டி.வி. மாறியிருக்காது. தான் எங்கே நிற்கிறோம் என்பதைப் பெட்டிகளைப் பார்த்து மக்கள் முடிவு செய்தார்கள்.

ஆகவே கூடுதல் நேரத்துக்குப் பெட்டி வேண்டாம். “கடைசி டூட்டியில் எத்தனை மணிக்கு வார்டை விட்டுக் கிளம்பினீர்கள்?” என்று கேட்டு ஒரு கோடு போட்டு விட்டுவிடலாம். மதியம் 2 மணிக்கு முடிய வேண்டிய டூட்டியில் 3.10 என்று எழுதினால், கழித்துப் பார்ப்பது நம் வேலை. ஓவர் எடுக்க அடுத்த சிஸ்டர் தாமதமாக வந்தாரா, நோட்ஸ் எழுதும் வேலை மீதியா என்பது அடுத்த கேள்வி.

மனநிலையைக் கேட்பது இதைவிடக் கடினம். “உங்கள் மன உறுதி எப்படி இருக்கிறது?” என்று எழுதியிருந்தார்கள் வரைவில். ஏதோ போர்க்களத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது. யாராவது ‘உடைந்துவிட்டது’ என்று எழுதித் தருவார்களா? மனநிலையை நேராகத் தொடாமல், அது தெரிகிற இடத்தில் கேட்கலாம். இங்கிலாந்தில் அரசு சுகாதாரச் சேவை தன் ஊழியர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வேலை பார்க்க ஏற்ற இடம் என்று இந்த நிறுவனத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்பது. குடும்பம், பெருமை எல்லாவற்றையும் அடித்துவிட்டு நம் படிவத்தில் அதை இப்படி எழுதலாம்: “உங்களுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் இங்கே வேலைக்கு வரலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?” கட்டாயம் வரச் சொல்வேன், யோசித்து வரச் சொல்வேன், எதுவும் சொல்ல மாட்டேன், யோசிக்கச் சொல்லி நிறுத்திப் பார்ப்பேன், வேண்டாம் என்பேன். தன்னைப் பற்றிய வாக்குமூலமாக இல்லாததால் இதில் கை தாராளமாக ஓடும்.

இன்னொன்று, மேலதிகாரியைப் பற்றியது. “உங்கள் மேலதிகாரி உங்களுக்கு ஆதரவாக இருக்கிறாரா?” என்பது அவருக்கு மார்க் போடச் சொல்கிறது. அதற்குப் பதிலாக ஒரு சம்பவத்தைக் கேட்போம்: “கடந்த நான்கு வாரங்களில் வார்டில் ஆள் பற்றாமல் போன நாளில், இன்சார்ஜிடம் சொன்னீர்களா? என்ன நடந்தது?” கீழே பதில்கள்: அப்படி ஒரு நாள் வரவில்லை. சொன்னேன், ஆள் அனுப்பினார்கள். சொன்னேன், ஆள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. சொல்லவில்லை, அதற்குத் தேவை இருக்கவில்லை. சொல்லவில்லை, சொல்லிப் பயனில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை, சொல்லத் தயக்கமாக இருந்தது.

கடைசி இரண்டு பதில்களில்தான் சர்வேயின் உயிர் இருக்கிறது. வரைவு எழுதுகிறவர்கள் அவற்றைப் போட மறந்துவிடுவார்கள், அல்லது போடப் பயப்படுவார்கள். தயக்கம் என்ற சொல் அச்சில் இருந்தால், தயங்கியது தான் ஒருவர் மட்டும் அல்ல என்று படிப்பவருக்குப் புரியும். அதற்காகவே அதை அச்சில் வைக்க வேண்டும்.

முதலில் வாயால் கேளுங்கள்

கேள்விக்கான சொற்களை அலுவலக அறையில் உட்கார்ந்து உருவாக்க முடியாது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1928இல் தொடங்கி இரண்டு வருடங்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தினார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். மேற்பார்வை எப்படி, வேலைச் சூழல் எப்படி என்று கேட்டார்கள். தொழிலாளர்கள் கேட்டதற்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வேறு எதையோ பேச ஆரம்பித்தார்கள். பேட்டியாளர் அவர்களைப் பட்டியலுக்கு இழுத்துவந்தார், அவர்கள் மறுபடி நழுவினார்கள். 1929இல் முறையை மாற்றினார்கள். பட்டியலை மூடிவைத்துவிட்டு, பேசுகிறவர் எதைப் பேசினாலும் கேட்பது என்று முடிவெடுத்தார்கள். அரை மணியில் முடிந்த பேட்டி ஒன்றரை மணி வரை போனது. நிர்வாகம் முக்கியம் என்று நினைத்தவையும் தொழிலாளர்கள் முக்கியம் என்று நினைத்தவையும் வேறு வேறு என்று அதில்தான் தெரிந்தது.

64 பேர் உள்ள இடத்தில் இதற்கு ஐந்தாறு பேர் போதும். ஒரு டீயோடு, ஒவ்வொருவராக, நிர்வாகத்தைச் சேராத ஒருவர் பேச வேண்டும். சாப்பாட்டு நேரம், ஓவர், லீவு கேட்டால் முகம் சுளிப்பது என்று அவர்கள் வாயில் வருகிற சொற்களில் படிவத்தை எழுத வேண்டும். எழுதியதை எடுத்துப் போய், வேறு ஐந்து பேரிடம் கொடுத்து, பதில் கேட்காமல், “இந்தக் கேள்வியில் உங்களை என்ன கேட்கிறாங்க?” என்று கேட்க வேண்டும். ‘போதிய ஓய்வு கிடைக்கிறதா?’ என்ற கேள்வியை ஒருவர் வார ஆஃப் என்று படிப்பார். இன்னொருவர் டூட்டிக்கு நடுவே பத்து நிமிடம் உட்காருவது என்று படிப்பார். நைட் பார்ப்பவர் மறுநாள் தூக்கம் என்று நினைப்பார். ‘மேலதிகாரி’ என்றால் சிலருக்கு இன்சார்ஜ், சிலருக்கு சூப்பிரண்ட், சிலருக்கு டாக்டர். ‘கடந்த மாதம்’ என்பது காலண்டர் மாதமா, கடைசி முப்பது நாளா? இப்படி ஐந்து பேரிடம் மூன்று விளக்கம் வரும் கேள்விக்கு 64 பேரிடம் என்ன வந்தாலும் அதைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது.

பெயர் கேட்காவிட்டால் போதுமா?

கேள்வி எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும், யார் எழுதியது என்று தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் எல்லாம் வீண். படிவத்தின் தலையில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று போட்டிருக்கும். அதற்குக் கீழேயே வார்டு, வயது, ஆண்/பெண், எத்தனை வருட அனுபவம் என்று நான்கு கட்டம் இருக்கும். ஐ.சி.யூ.வில் ஒன்பது பேர், அதில் ஆண் நர்ஸ் ஒருவர் என்றால், அவர் பெயரை எழுதித்தான் கொடுக்கிறார். முடிவைப் பிரித்துப் பார்ப்பதற்கு வார்டு மட்டும் போதும் என்றால் வார்டை மட்டும் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாகப் பதில் வந்த பிரிவைத் தனியாகக் காட்டக் கூடாது.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐ.சி.யூ.வை மறைத்துவிட்டு, மற்ற ஐந்து வார்டுகளின் முடிவையும் மொத்த முடிவையும் வெளியிட்டால், மொத்தத்திலிருந்து ஐந்தையும் கழித்தால் ஐ.சி.யூ. வந்துவிடும். ஆகவே சிறிய பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

கூகுள் படிவத்தில் கேட்பதென்றால், அமைப்புகளில் `Collect email addresses` என்பது `Do not collect` என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். `Limit to 1 response` என்பதை இயக்கினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். மின்னஞ்சல் முகவரி நிர்வாகத்துக்குப் போகாவிட்டாலும், திரையில் தன் முகவரியைப் பார்த்த நர்ஸ் அதை நம்ப மாட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் நேரமும் பதிவாகும். அதிகாலை 3.20க்கு வந்த பதில் நைட் டூட்டிக்காரர் உடையது என்று யாருக்கும் புரியும். பதில்களைப் படிக்கப் போகிறவரிடம் கொடுக்கும் முன் அந்தக் கட்டத்தை அழித்துவிட வேண்டும். காகிதம் என்றால், இன்சார்ஜ் கையில் வாங்குவது கூடவே கூடாது. பூட்டிய பெட்டி, அதுவும் சூப்பிரண்ட் அறை வாசலில் வேண்டாம். சொந்தமாக எழுதும் பதில்களைக் கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பதால், வெளியாள் ஒருவர் தட்டச்சு செய்து தர வேண்டும். தீபாவளி போனஸ் தரும் வாரத்திலும், இன்கிரிமென்ட் முடிவாகும் மாதத்திலும் படிவத்தைக் கையில் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

இவ்வளவு செய்தும் சில கேள்விகளுக்கு உண்மை வராது. ‘கடந்த மூன்று மாதத்தில் வேறு இடத்தில் வேலை தேடினீர்களா?’ என்பது அப்படி. அதற்கு ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965இல் ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவம் இது. ஒவ்வொருவரும் தனியாக ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். ஒருவர் ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் அது நாணயத்தின் வேலையா, அவர் மனமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாகச் சொல்ல முடியும். 64 பேரில் 44 பேர் ‘ஆம்’ என்றால், ஏறத்தாழ 32 பேருக்குத் தலை விழுந்திருக்கும். மிச்சம் 12 ‘ஆம்’, பூ விழுந்த 32 பேரிடமிருந்து வந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 64 பேருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாணயம் சரியாக 32 முறை தலை விழ வேண்டும் என்று சட்டமில்லை. அந்தத் தடுமாற்றத்தையும் கணக்கில் எடுத்தால், உண்மையான விகிதம் 15 சதவீதமாகவும் இருக்கலாம், 60 சதவீதமாகவும் இருக்கலாம். சில நூறு பேர் உள்ள இடத்தில்தான் இந்த வித்தை பயன்படும்.

திரும்பி வந்த காகிதங்கள்

முடிவைக் கூட்டுவதற்கு முன் படிவங்களைக் கையில் எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பெட்டியில் நேர்கோடாக டிக் விழுந்திருந்தால், அவர் கேள்வியைப் படிக்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் பலர் காலியாக விட்டிருந்தால், கேள்வி புரியவில்லை அல்லது பயம். எந்தக் கேள்வி என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 64இல் 41தான் திரும்பி வந்தது என்றால், அந்த 41இன் சராசரியைவிட மீதி 23 எந்த வார்டு என்பது பெரிய செய்தி. ஒரே வார்டிலிருந்து பாதிக்கு மேல் வரவில்லை என்றால், அங்கே போய் மறுபடி படிவம் கொடுப்பதில் அர்த்தமில்லை. யாராவது நம்பிக்கையானவர் போய் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

வந்த முடிவைச் சில வாரங்களுக்குள் ஊழியர்களுக்கே திருப்பிக் காட்ட வேண்டும், நல்லதும் கெட்டதுமாக. காட்டாவிட்டால் அடுத்த வருடம் அந்த 41 இன்னும் சுருங்கும்.

அடுத்த வருடம் என்றதும் ஒரு ஆசை வரும், கேள்விகளை இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாமே என்று. ‘உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்தது’ என்பதை ‘உணவு இடைவேளை கிடைத்தது’ என்று மாற்றினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். மாற்றினால், நின்றுகொண்டே இரண்டு இட்லி விழுங்கியவரும் ‘கிடைத்தது’ என்பார். எண்ணிக்கை கூடும். ஆள் எடுத்ததால் கூடியதா, சொல் மாறியதால் கூடியதா என்று பிரிக்க வழியிருக்காது. இங்கிலாந்தின் சுகாதாரச் சேவை 2003இலிருந்து ஆண்டுதோறும் ஊழியர் சர்வே நடத்துகிறது. அதன் முடிவுகளை வருடத்துக்கு வருடம் வரிசையாக வைத்துப் பார்க்க முடிவது, கேள்வி மாறாத இடங்களில் மட்டும்தான். மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஒரு வருடம் பழைய கேள்வியையும் புதியதையும் படிவத்தின் இரண்டு வேறு பக்கங்களில் சேர்த்தே கேட்டுவிட்டு, அதற்கு அடுத்த வருடம் பழையதை எடுக்கலாம்.